செருப்பு கழன்றது காலுக்குத் தெரியவில்லை

குடியாத்தம் மார்க்கெட்டிலிருந்து என் பெரியம்மா ஒருநாள் கீரைக்கட்டும் பையுமாக வீடு திரும்பினார். வாசல் பெருக்கிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுப் பெண்தான் முதலில் பார்த்தாள்.

“இன்னாக்கா, ஒரு கால் செருப்பு எங்கே?”

பெரியம்மா குனிந்து பார்த்தார். இடது காலில் செருப்பு இருந்தது; வலது கால் வெறும் காலாக இருந்தது. எங்கே கழன்றது, எவ்வளவு தூரம் அப்படியே நடந்தார் என்று அவரால் சொல்ல முடியவில்லை. திரும்பிப்போய்த் தேடியதில், முக்கால் கிலோமீட்டர் தள்ளி, ஒரு டீக்கடை ஓரமாகச் செருப்பு கிடைத்தது. தெருவே சிரித்தது, அவரும் சேர்ந்து சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பெரியம்மாவுக்கு வயது 61. சர்க்கரை வந்து 14 வருடமாகிறது. காலிலிருந்து செருப்பு கழன்றது தெரியாமல் நடப்பது, நரம்பு பாதிக்கப்பட்டவர்களிடம் டாக்டர்கள் வழக்கமாகக் கேட்டு அறிகிற ஓர் அறிகுறி.

அடுத்த வாரமே பாதங்களைப் பரிசோதிக்கும் பிரிவுக்கு அழைத்துப்போனோம். அங்கே பெரிய இயந்திரம் எதையும் எடுக்கவில்லை. பேனா போன்ற பிடியில் செருகிய ஒரு நைலான் இழை. அதைத் தோலில் நேராக வைத்து அழுத்தினால் 10 கிராம் விசையில் வளையும். கண்ணை மூடச் சொல்லி, கட்டைவிரல் அடி, முன்பாதம் என்று இடம் மாற்றி மாற்றித் தொட்டார்கள். தொட்டது தெரிந்தால் ‘ஆமா’ சொல்ல வேண்டும். இடது காலில் சில ‘ஆமா’க்கள் வந்தன. வலது முன்பாதத்தில் ஒன்றுகூட வரவில்லை. அந்த 10 கிராம் தெரியாத பாதத்துக்கு, தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும் உணர்வு போய்விட்டது என்று அர்த்தம். வலது கட்டைவிரலின் அடிப்பக்கம், பந்துபோல் உருண்டிருக்கும் எலும்புக்குக் கீழே, ஐந்து ரூபாய் நாணய அளவுக்குக் காய்ப்பு ஏறியிருந்தது. காய்ப்பை அங்கேயே சீவி எடுத்தார்கள். வீட்டில் பிளேடு வைத்துச் செதுக்கக் கூடாது, கால் ஆணிக்கு ஒட்டுகிற மருந்துப் பட்டையும் கூடாது என்று கண்டித்துச் சொன்னார்கள். கடைசியாக ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தார்கள்: எம்.சி.ஆர். செருப்பு, பின்வாருடன்.

இந்த எம்.சி.ஆர். செருப்பு எங்கள் பகுதிக்குப் புதிதல்ல. காட்பாடிக்குப் பக்கத்தில் கரிகிரியில் இருக்கும் தொழுநோய் மருத்துவமனையை அறிந்தவர்களுக்கு அதன் கதையும் தெரிந்திருக்கும். கொல்லிமலையில் 1914-இல் பிறந்த ஆங்கிலேயரான டாக்டர் பால் பிராண்ட் 1946-இல் வேலூருக்கு வந்தார். தொழுநோயாளிகளின் விரல்களும் பாதங்களும் நோயினாலேயே அழுகி விழுகின்றன என்று எல்லோரும் நம்பிய காலம் அது. நோய் நரம்பை மரக்கச் செய்கிறது, அதற்குப் பிறகு நடக்கும் சேதமெல்லாம் வலி தெரியாததால் வருவது என்பதை அவர் காட்டினார். வலி தெரியாத காலுக்கு என்ன செருப்பு போடுவது என்ற கேள்வி அங்கிருந்துதான் தொடங்கியது. அதற்குக் கிடைத்த பதில்களில் ஒன்றுதான், நுண்ணிய காற்றுக்குமிழிகள் அடங்கிய மைக்ரோ செல்லுலார் ரப்பரை மேலேயும், லாரி டயர் போன்ற கெட்டி ரப்பரைக் கீழேயும் வைத்துச் செய்த செருப்பு. பிராண்ட் 1966-இல் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனார். சர்க்கரை நோயாளிகளின் கால்களும் அதே வழியில்தான் கெடுகின்றன என்பதை அங்கே எடுத்துச் சொன்னார். ஆக, பெரியம்மாவின் சீட்டில் இருந்த மூன்றெழுத்து, எங்கள் வீட்டிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் உருவாகி உலகம் சுற்றி வந்தது.

பிராண்டின் சிந்தனையில் செருப்பு வாங்குபவருக்கு உதவும் ஒரு விஷயம் உண்டு. மரத்த பாதத்தில் புண் வரும் வழிகளை அவர் பிரித்துப் பார்த்தார். ஆணியோ முள்ளோ ஏறுவது ஒரு வழி. அது ஒரே நொடியில் முடிந்துவிடும். இறுக்கமான வாரோ ஷூவோ லேசாக, ஆனால் மணிக்கணக்கில் அழுத்துவது இன்னொரு வழி; அழுத்தும் இடத்தில் ரத்த ஓட்டம் நின்று தோல் செத்துப்போகும். மூன்றாவதுதான் நம் கண்ணுக்குத் தப்புவது. சாதாரண நடையின் அழுத்தமே, ஒரே இடத்தில், ஆயிரக்கணக்கான முறை விழுவது. ஒரு தடவை விழுந்தால் எதுவும் ஆகாது. நமக்கெல்லாம் ஆயிரமாவது அடியில் அந்த இடம் லேசாக எரியும். நாம் அறியாமலே நடையை மாற்றி எடையை வேறு பக்கம் தள்ளிவிடுவோம். மரத்த கால் மாற்றாது. கடைசி அடியையும் முதல் அடியைப் போலவே வைக்கும். உள்ளே சதை கன்றிச் சூடாகி, காய்ப்புக்கு அடியில் நீர் கோத்து, ஒருநாள் வெளியே உடையும். ‘நேத்து வரைக்கும் ஒண்ணுமில்லையே’ என்று வீட்டார் சொல்வது இப்படித்தான்.

சர்க்கரை இதற்குத் தோதாகப் பாதத்தின் அமைப்பையும் மாற்றிவிடுகிறது. பாதத்தின் சிறு தசைகள் வலுவிழக்க, விரல்கள் கோழி நகம்போல் வளைகின்றன. விரல் வளையும்போது, முன்பாத எலும்புகளுக்கு மெத்தையாக இருந்த கொழுப்பு முன்னால் நழுவிப்போகிறது. வியர்வை நின்று தோல் வறண்டு வெடிக்கிறது. எலும்புக்கும் தரைக்கும் நடுவே இயற்கை வைத்த மெத்தை போனபின், அந்த வேலையைச் செருப்புதான் செய்ய வேண்டும்.

சீட்டை எடுத்துக்கொண்டு நேராகக் கடைக்குப் போயிருந்தால் தப்பு செய்திருப்போம். பெரியம்மாவின் பழக்கம் எனக்குத் தெரியும். அவர் எப்போதும் 6-ஆம் நம்பர்தான் வாங்குவார். 7 போட்டுப் பார்க்கச் சொன்னால், “தொளதொளன்னு இருக்குடா, இதுதான் நல்லா பிடிக்குது” என்பார். அவர் பொய் சொல்லவில்லை. மரத்த காலுக்குச் சரியான அளவுச் செருப்பு காலில் இருப்பதாகவே தெரியாது. அழுத்திப் பிடித்தால்தான் ‘இருக்கிறது’ என்று உணர்வு வரும். அதனால் இவர்கள் தாங்களாகவே ஒரு நம்பர் குறைத்து வாங்குவார்கள். ‘போட்டா எப்படி இருக்கு?’ என்று கடைக்காரர் அன்போடு கேட்கும் கேள்விக்கு, இவர்கள் சொல்லும் பதிலை நம்பிச் செருப்பு வாங்க முடியாது. அளந்துதான் வாங்க வேண்டும்.

நாங்கள் சாயங்காலம் அளந்தோம். நாள் முழுக்க நின்று நடந்தபின் பாதம் சற்று வீங்கியிருக்கும். காலையில் அளந்து வாங்கியது மாலையில் கடிக்கும். கெட்டி அட்டை இரண்டைத் தரையில் போட்டு, பெரியம்மாவை அதன்மேல் நிற்கவைத்தோம். உட்கார்ந்தபடி அளந்தால் பாதம் விரியாது, எடை முழுவதும் இறங்க வேண்டும். பென்சிலைச் சாய்க்காமல் செங்குத்தாகப் பிடித்துச் சுற்றி வரைந்தேன். வலது பாதம் 23.4 செ.மீ. நீளம், இடது 23.7. விரல்கள் தொடங்கும் இடத்தில், பாதம் மிக அகலமாக இருக்கும் குறுக்கில், வலது 9.8 செ.மீ. அவருடைய பழைய செருப்பை அந்தக் கோட்டின் மேல் வைத்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த இடத்தில் செருப்பின் அகலம் 9.1 செ.மீ.தான். பாதம் இரு பக்கமும் வெளியே வழிந்திருக்கிறது. சுண்டுவிரல் பக்கம் செருப்பின் விளிம்பு தினமும் கோடு போட்டிருக்கிறது. தேடிப்பார்த்ததில் அந்தக் கோடு தோலிலும் இருந்தது.

இனிக் கணக்கு எளிது. இரு பாதங்களில் பெரியதை எடுத்துக்கொள்ள வேண்டும். அதற்கு முன்னால் ஒரு சென்டிமீட்டர், தாராளமாகப் போனால் இரண்டு சென்டிமீட்டர் வரை இடம் இருக்க வேண்டும். நடக்கும்போது பாதம் முன்னால் சறுக்கும், விரல் நுனி விளிம்பைத் தொடக் கூடாது. 23.7-உடன் ஒன்று சேர்த்தால் 24.7. ஆக உள்ளளவு அதற்குக் குறையாத செருப்பு வேண்டும். அகலம் 9.8-க்குக் குறையக் கூடாது. மிக அதிகமாகவும் கூடாது, இரண்டு பக்கமும் ஆடினால் உராய்வு வரும். அட்டையைக் கோட்டோடு கத்தரித்து எடுத்துக்கொண்டோம். நம்பர் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், அட்டை மாறாது.

கடையில் அட்டையைச் செருப்பின் மேல் படுக்க வைத்துப் பார்த்தோம். முதல் மாடலில் 7-ஆம் நம்பருக்கு நீளம் சரியாக இருந்தது, அகலம் இரண்டு மில்லிமீட்டர் போதவில்லை. ‘போடப் போட விரியும்’ என்றார் கடைப்பையன். மேலே இருக்கும் தோல் வார் வேண்டுமானால் விரியும். கீழே இருக்கும் அட்டை எப்படி விரியும்? வேறு மாடலில் அகலம் 10.2 இருந்தது. அதைத்தான் எடுத்து வைத்தோம். ஷூ வாங்குகிறவர்களுக்கு இன்னொரு அளவும் உண்டு: உயரம். வளைந்த விரல்களின் முதுகு ஷூவின் மேல்தோலில் இடிக்கக் கூடாது. உள்ளே இருக்கும் ஒட்டாத அட்டையை உருவி வெளியே வைத்து, அதன்மேல் பாத அட்டையைப் பொருத்திப் பார்க்கலாம். பிறகு கையை உள்ளே விட்டுத் தையல் முடிச்சு எங்காவது துருத்துகிறதா என்று தடவிப் பார்த்துவிட வேண்டும்.

அடுத்தது மெத்தை. ‘சர்க்கரைக்காரங்களுக்கு மெத்து மெத்துன்னு இருக்கணும்’ என்று சொல்லிக் கடைகளில் பஞ்சுபோன்ற செருப்புகளைக் காட்டுவார்கள். கையால் அமுக்கினால் சுகமாக உள்ளே போகும். அங்கேதான் ஏமாறுகிறோம். மெத்தையின் வேலை சுகம் கொடுப்பதல்ல, எலும்பு முனையில் குவியும் எடையைச் சுற்றிலும் பரப்புவது. கட்டைவிரல் அடி எலும்பு மெத்தைக்குள் கொஞ்சம் அமிழ வேண்டும். அப்போது பக்கத்துச் சதையும் சேர்ந்து எடையைத் தாங்கும். ஆனால் அது அடிமட்டம்வரை அமிழ்ந்துவிடக் கூடாது. மிக மிருதுவான ஃபோம், 65 கிலோ எடை ஏறியதும் காகிதம்போல் தட்டையாகிவிடும். அப்புறம் காலுக்குக் கீழே மெத்தை இருப்பதும் ஒன்றுதான், இல்லாததும் ஒன்றுதான். மறுபக்கம், பாத்ரூமுக்குப் போடும் ரப்பர் செருப்பு அமிழவே அமிழாது. இரண்டுக்கும் நடுவே வேண்டும்.

எம்.சி.ஆரின் மென்மையை ஷோர் என்ற அளவில் சொல்வார்கள்; எண் கூடினால் கடினம் கூடும். மரத்த காலுக்கு 15 ஷோர் அளவில், ஏறத்தாழ 10 மி.மீ. கனத்தில் போடுவது வழக்கம். கடையில் நம்மிடம் கருவி இருக்காது, கட்டைவிரல் இருக்கிறது. செருப்பை மேசைமேல் வைத்து, குதிகால் விழும் இடத்தில் கட்டைவிரலால் நன்றாக அழுத்த வேண்டும். பாதிக் கனத்துக்கு இறங்கி, அதற்குமேல் எதிர்த்து நிற்க வேண்டும். விரலை எடுத்ததும் பள்ளம் உடனே எழும்ப வேண்டும். பள்ளம் சோம்பேறித்தனமாக எழுந்தாலோ தடம் அப்படியே நின்றாலோ அந்தச் செருப்பு சில வாரங்களில் படுத்துவிடும். ‘எம்.சி.ஆர்.’ என்று அச்சடித்த எல்லாமே எம்.சி.ஆர். அல்ல, வெறும் இ.வி.ஏ. ஃபோமையும் அந்தப் பெயரில் விற்கிறார்கள். இ.வி.ஏ. கெட்ட பொருளல்ல. கையில் எடுத்தால் காற்றுப்போல் லேசாக இருக்கும், வயதானவர்களுக்கு அது பெரிய வசதி. ஆனால் அழுத்தி அழுத்தி அமிழ்ந்த இடம் அமிழ்ந்தபடியே தங்கிவிடும் குணம் அதற்கு அதிகம். எம்.சி.ஆர். சற்றுக் கனம், ரப்பராகையால் திரும்பத் திரும்ப எழும்பும்.

இந்த ஊரில் இது வெறும் நம்பிக்கையாக நின்றுவிடவில்லை. ஏற்கெனவே பாதத்தில் புண் வந்து ஆறியவர்களை வைத்துச் சென்னையில் நடந்த ஓர் ஆய்வு 2004-இல் வெளியானது. எம்.சி.ஆர்., பாலியூரித்தேன் ஃபோம், பாதத்துக்கு அச்செடுத்த உள்ளட்டை என்று மூன்று வகைச் செருப்பு போட்டவர்களையும், வழக்கமான கெட்டி உள்ளட்டைச் செருப்பு போட்டவர்களையும் சில மாதங்கள் கவனித்தார்கள். வழக்கமான செருப்பு போட்டவர்களில் மூன்றில் ஒரு பங்கினருக்கு மறுபடி புண் வந்தது. மெத்தை போட்டவர்களில் நூற்றுக்கு நான்கு பேருக்குத்தான். இதில் எனக்குப் பிடித்த செய்தி, விலை கூடிய அச்சு உள்ளட்டைக்கு இணையாகச் சாதாரண எம்.சி.ஆரும் வேலை செய்தது என்பதுதான்.

மேலே மெத்தை இருந்தால் போதாது. கீழே அடிசோல் கெட்டியாக இருக்க வேண்டும். பிராண்ட் காலத்துச் செருப்பில் டயர் ரப்பர் வந்தது இதற்காகத்தான். கருவேல முள்ளும் கண்ணாடிச் சில்லும் ஆணியும் எம்.சி.ஆரை வெண்ணெய்போல் துளைத்துவிடும், கெட்டி சோல்தான் அவற்றைத் தடுக்கும். அதற்கு இன்னொரு வேலையும் உண்டு. குதிகாலையும் நுனியையும் பிடித்துச் செருப்பை மடக்கிப் பாருங்கள். நடுவில் மடங்கினால் வேண்டாம். விரல்களுக்குக் கீழே சற்று வளையலாம். காலின் முன்பகுதியில் காய்ப்பு உள்ளவர்களுக்கு அங்கேயும் அதிகம் வளையாமல், நுனி மேல்நோக்கி வளைந்து படகின் அடிபோல் உருளும் சோல் நல்லது. அடி எடுத்து வைக்கும்போது சோல் உருண்டு போவதால், விரல் மூட்டு மடங்கி எலும்பு தரையில் முட்டுவது குறைகிறது.

இப்போது வார். நம் ஊர்ச் செருப்பில் பாதிக்குமேல் விரலிடுக்கு வார் வைத்தவை. கட்டைவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவில் ஒரு குமிழ் நின்று செருப்பைப் பிடிக்கும். உண்மையில் குமிழ் பிடிப்பதில்லை, நாம்தான் விரலை மடக்கி அதைப் பிடித்துக்கொண்டு நடக்கிறோம். மரத்த விரல்கள் பிடிக்காது. செருப்பு டீக்கடை ஓரத்தில் தங்கிவிடும். பிடிக்கிற விரல்களுக்கோ இடுக்கில் தோல் உராய்ந்து, ஈரம் தேங்கி, சேற்றுப்புண் வந்து, அதன் வழியே கிருமி உள்ளே போகும். கட்டைவிரலை நுழைக்கும் வளையச் செருப்பு அதைவிட மோசம். கால் வீங்கினால் மோதிரம்போல் இறுக்கும். வேண்டியது முன்பாதத்தின் மேல் அகலமான வார் ஒன்று, கணுக்காலை ஒட்டி இன்னொன்று, குதிகாலுக்குப் பின்னால் ஒரு பின்வார். மூன்றும் வெல்க்ரோ ஒட்டாக இருந்தால் காலை ஒரு அளவும் மாலை ஒரு அளவும் வைத்துக்கொள்ளலாம். பக்கிளும் போடலாம், ஆனால் குனிந்து பக்கிள் மாட்ட முடியாத வயதானவர் என்ன செய்வார் என்றால், பின்வாரைக் குதிகாலால் மிதித்து மடக்கிக்கொண்டு நடப்பார். பெரியம்மாவும் முதல் வாரம் அதைத்தான் செய்தார்.

வார் எதனால் ஆனது என்று கேட்காமல் அதன் உள்பக்கத்தை விரலால் தடவிப் பார்ப்பது நல்லது. மெல்லிய தோலில் செய்து, உள்ளே மென்மையான துணியோ பஞ்சுத் தோலோ ஒட்டி, விளிம்பை உள்நோக்கி மடித்துத் தைத்திருந்தால் உத்தமம். தோல் காற்றை விடும், காலின் மேடு பள்ளத்துக்கு மெல்ல இணங்கும். வெட்டிய விளிம்பு அப்படியே விட்ட ரெக்சின் வார் புதிதில் பளபளப்பாக இருக்கும். சில மாதத்தில் வெடித்து, வெடித்த ஓரம் கத்தியாகும். தோலுக்கும் ஒரு குறை உண்டு. மழையில் நனைத்து வெயிலில் காயவைத்தால் அப்பளமாக விறைத்துவிடும். நிழலில்தான் காயவைக்க வேண்டும். தினம் தண்ணீரில் நிற்கிற வேலை என்றால் தோலை விட்டுவிட்டு, துணி உள்பட்டை வைத்த செயற்கை வாருக்குப் போவதே புத்திசாலித்தனம். ஓட்டை ஓட்டையாக வரும் ஒற்றை வார்ப்பு ரப்பர் ஷூவைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். வீட்டுக்குள் போட அது பரவாயில்லை. விரல்களுக்கு இடம் இருக்கிறது, லேசாகவும் இருக்கிறது. வெளியே போனால் அதன் அடி முள்ளைத் தடுக்காது, ஓட்டை வழியே மணல் புகும்.

ஒன்றை மட்டும் வாங்கவே கூடாது என்று அடித்துச் சொல்வேன். சின்னச் சின்ன முள்மேடுகள் வைத்த அக்குபிரஷர் செருப்பு. ‘ரத்த ஓட்டம் கூடும், எரிச்சல் போகும்’ என்று சொல்லி, சர்க்கரைக்காரர்களைக் குறிவைத்தே விற்கிறார்கள். பால் பிராண்ட் சொன்ன மூன்றாவது வழியை ஒரு தொழிற்சாலை அச்சில் வார்த்தால் இப்படித்தான் இருக்கும். உணர்வுள்ள கால் பத்து நிமிடத்தில் அதைக் கழற்றி எறிந்துவிடும். மரத்த கால் ‘இதமா இருக்கு’ என்று நாள் முழுக்கப் போட்டிருக்கும்.

வாங்கி வந்த செருப்பை அன்றே போட்டுக்கொண்டு திருத்தணிக்குப் புறப்படக் கூடாது. பெரியம்மாவுக்கு முதல் நாள் வீட்டுக்குள் ஒரு மணி நேரம்தான். கழற்றியதும் பாதத்தைச் சுற்றிலும் பார்த்தோம். அடிப்பக்கம் தெரிய, தரையில் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி. வலது கணுக்காலுக்குக் கீழே வார் பட்ட இடம் சிவந்திருந்தது. அரை மணி நேரம் கழித்துப் பார்த்தபோதும் சிவப்பு போகவில்லை. வெளிர்ந்து மறைந்தால் விட்டுவிடலாம். நின்றால் அங்கே அழுத்தம் இருக்கிறது. புறங்கையால் தொட்டபோது அந்த இடம் பக்கத்துத் தோலைவிடச் சூடாகவும் இருந்தது. வாரை ஒரு விரற்கடை தளர்த்தி ஒட்டினோம். மறுநாள் சிவப்பு இல்லை. அப்புறம் தினமும் ஒரு மணி நேரம் கூட்டி, ஒரு வாரத்தில் முழுநாளும் போட ஆரம்பித்தார்.

வீட்டுக்குள் செருப்பு என்பதுதான் பெரிய சண்டையானது. “அடுப்படில செருப்பா? சாமி இருக்குதுடா” என்றார். நாள் முழுக்க நடப்பது வீட்டுக்குள்தான், அதுவும் கெட்டித் தரையில். சமையலறைக்கென்று வெளியே போகாத இன்னொரு ஜோடி எம்.சி.ஆர். வாங்கி, பூஜை அலமாரிக்கு எதிரே வந்தால் கழற்றுவது என்று உடன்பாடு ஏற்பட்டது. கோயிலுக்கு மட்டும் இன்னும் வழி கிடைக்கவில்லை. சித்திரை வெயிலில் பிரகாரக் கல் சுட்டுக் கொப்புளித்ததை வீட்டுக்கு வந்து ரத்தக்கறை பார்த்து அறிந்தவர்கள் உண்டு. காலையில் கல் சுடும்முன் போய்வருவது, அனுமதிக்கும் இடத்தில் கெட்டியான காலுறை போடுவது, இப்போதைக்கு அவ்வளவுதான்.

செருப்பால் ஆகாதவையும் இருக்கின்றன. புண் திறந்திருக்கும்போது எம்.சி.ஆர். அதை ஆற்றாது. அதற்கு மாவுக்கட்டுபோல் காலைச் சுற்றிக் கட்டி எடையை முழுவதும் விலக்கும் சிகிச்சை வேண்டும். செருப்பு, ஆறிய புண் திரும்பாமல் காக்க. ஒரு கால் மட்டும் திடீரென வீங்கிச் சிவந்து சூடாகி, வலியே இல்லாமல் இருந்தால், உள்ளே எலும்பு நொறுங்கிக்கொண்டிருக்கலாம். அன்றே டாக்டரிடம் போக வேண்டும், நடந்தல்ல. விரல் எடுத்த கால், வளைவு சரிந்த கால், ரத்த ஓட்டம் குறைந்த கால் ஆகியவற்றுக்குக் கடைச்செருப்பு பொருந்தாது. அச்செடுத்துச் செய்ய வேண்டும்.

எட்டாவது மாதம் பெரியம்மாவின் வலது செருப்பைத் திருப்பிப் பார்த்தேன். கட்டைவிரல் அடி எலும்பு விழும் இடத்தில் குழி. அளவுகோலை வைத்துப் பார்த்ததில் 10 மி.மீ. இருந்த மெத்தை அங்கே 6-ஆக இருந்தது, அழுத்தினால் எழும்பவும் இல்லை. பழைய செருப்பின் குழி, பாதத்தின் எந்த இடம் கஷ்டப்படுகிறது என்று சொல்லும் வரைபடம். எறிவதற்கு முன் டாக்டரிடம் காட்டலாம். மற்றபடி வார்களும் அடிசோலும் நன்றாக இருந்தன. பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் செருப்பு தைக்கும் பெரியவரிடம் புது எம்.சி.ஆர். தகடு ஒட்டக் கொடுத்தோம். சாயங்காலம் அழகாகச் செய்து வைத்திருந்தார்.

பெரியம்மா அதைக் கையில் வாங்கி, வழக்கம்போல் உள்ளே விரல்களை விட்டுத் தடவினார். பின்வார் சேரும் இடத்தில் கை நின்றது. “இங்க என்னமோ நெருடுதுப்பா.” வார் பிடிக்காமல் போய்விடக் கூடாது என்று பெரியவர் ஒரு சின்ன ஆணி அடித்திருந்தார். அதன் முனை தகட்டுக்கு மேலே அரை மில்லிமீட்டர் எட்டிப் பார்த்தது.

“ஆணி இல்லாம எப்படிம்மா நிக்கும்? எல்லாருக்கும் அடிக்கறதுதானே” என்றார் அவர். எங்களுக்கு மட்டும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டோம். குறட்டால் பிடுங்கி எடுத்துவிட்டு, சொல்யூஷன் தடவி, மெழுகு நூலால் நான்கு தையல் போட்டுக் கொடுத்தார். நாளைக் காலைவரை காயட்டும், அதற்குமுன் போட வேண்டாம் என்றார். மாற்றுச் செருப்பு காலில் இருந்ததால் காத்திருப்பதில் சிரமம் இல்லை.